கையில் மூன்று பிரசவத் தேதிகள்: விடுப்பு விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

வாசகர் கடிதம்:

"வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இ.எஸ்.ஐ. கிடையாது. வாரம் ஐந்து நாள் வேலை. இது முதல் குழந்தை, இப்போது 24-வது வாரம். கடைசி மாதவிலக்குக் கணக்குப்படி பிரசவத் தேதி அக்டோபர் 11, 2026. பத்தாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் அக்டோபர் 20 என்று இருக்கிறது. இருபதாவது வார ஸ்கேனில் அக்டோபர் 15. எச்.ஆர். 'ஒரே தேதி சொல்லுங்கள், பிறகு மாற்ற முடியாது' என்கிறார்கள். செப்டம்பர் 29 முதல் விடுப்பு எடுக்க நினைக்கிறேன். ஆனால் நஞ்சு கீழே இருக்கிறது, ரத்தப்போக்கு வந்தால் உடனே அட்மிட் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி ஆனால் விடுப்பு என்னவாகும்? சிக்கல் வந்தால் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்குமாமே, அதை இப்போதே விண்ணப்பத்தில் கேட்டுவிடலாமா? ஞாயிறு, அரசு விடுமுறைகளைக் கழித்துத்தானே 26 வாரம் கணக்கிட வேண்டும்? கூடுதல் விடுப்பு கேட்க மாட்டேன் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தந்தால் பாதிப்பு உண்டா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த உறுதிமொழிக் கடிதம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவேளை ஏற்கெனவே போட்டிருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சட்டம் தரும் பலனைக் குறைக்கும் எந்த ஒப்பந்தத்துக்கும் மேலாகச் சட்டமே நிற்கும் என்கிறது. ஆனாலும் அப்படி ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தால், நீங்கள் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நேரத்தில் அதைக் காட்டி வாதிடுவார்கள். "சட்டப்படி எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்து எழுதித் தர இயலாது" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எந்தத் தேதியை எழுதுவது?

அக்டோபர் 20. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், எச்.ஆர். கேட்டால் நீங்களே விளக்கலாம்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாட்களைக் கூட்டினால் வருவது ஒரு கணக்குத் தேதி. மாதவிலக்குச் சுற்று 28 நாட்களாகவும், கருமுட்டை வெளிவந்தது நடுவிலாகவும் இருந்தால் அது சரியாக வரும். சுற்று நீளமாக உள்ளவர்களுக்குக் கரு தரித்ததே தாமதமாக இருக்கும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சரிபார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால் அந்த அளவுதான் நம்பகமானது. ஒன்பது முதல் பதினான்கு வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனுக்கும் மாதவிலக்குக் கணக்குக்கும் ஏழு நாட்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மகப்பேறு மருத்துவர்கள் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஒன்பது நாள் வித்தியாசம்.

இருபதாவது வார ஸ்கேனில் வந்த அக்டோபர் 15, அன்றைக்குக் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து இயந்திரம் போட்ட கணக்கு. குழந்தை சற்றுப் பெரிதாக இருந்தால் தேதி முன்னால் வரும், சிறிதாக இருந்தால் பின்னால் போகும். ஒருமுறை தேதியை உறுதிசெய்த பிறகு, பின்னால் வரும் ஸ்கேன்களை வைத்து அதை மாற்றுவது வழக்கமில்லை. 32-வது வாரத்திலும் உங்களுக்கு ஒரு ஸ்கேன் இருக்கும், அதில் நான்காவதாக ஒரு தேதி அச்சாகி வரும். அதையும் விண்ணப்பத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எச்.ஆர். கேட்டது என்று எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் இணைத்து அனுப்பிவிடுவார்கள். மூன்று தாளில் மூன்று தேதி இருந்தால் கணக்குப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். நீங்கள் தர வேண்டியது ஸ்கேன் ரிப்போர்ட் அல்ல, பதிவுபெற்ற மருத்துவர் தரும் சான்று. அதில் பரிசோதித்த நாள், அன்று எத்தனையாவது வாரம், எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி, அது முதல் மூன்று மாத ஸ்கேன் அடிப்படையிலானது என்ற ஒரு வரி, மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து, முத்திரை ஆகியவை இருந்தால் போதும்.

'பிறகு மாற்ற முடியாது' என்று சொன்னதற்காகவும் பயப்படாதீர்கள். சட்டம் கேட்பதே 'எதிர்பார்க்கப்படும்' தேதியைத்தான். குழந்தை வேறொரு நாளில் பிறப்பது பொய்த் தகவல் ஆகாது.

முடிவு நாளைத் தீர்மானிப்பது எது?

உங்கள் கடிதத்தில் இருக்கும் பயத்தில் பாதி, பிரசவத் தேதி நகர்ந்தால் விடுப்பு முழுவதும் நகர்ந்துவிடும் என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அப்படி இல்லை. விடுப்பு முடியும் நாளைத் தீர்மானிப்பது நீங்கள் விடுப்பைத் தொடங்கும் நாள்தான்.

உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இல்லாதவருக்கு மொத்தம் 26 வாரம். அதில் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மூன்று வருடம் பணியாற்றிய உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பழைய 1961 சட்டத்திலும் இதே 26 வாரம், 8 வாரம், 80 நாள்தான். எனவே எச்.ஆர். எந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னாலும் கணக்கு மாறாது.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கலாம் என்று நினைத்தது தவறு. 1977-இல் உச்ச நீதிமன்றம் பி. ஷா வழக்கில் 'வாரம்' என்றால் ஞாயிறு உட்பட ஏழு நாட்கள் என்று தீர்ப்பளித்தது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. அந்தத் தீர்ப்பால் பெண்களுக்குக் கிடைத்த நன்மை, ஞாயிறுகளுக்கும் சேர்த்துப் பணம் உண்டு என்பது. ஆகவே 26 வாரம் என்பது தொடர்ச்சியான 182 நாட்கள். அரசு விடுமுறைகளும் அதற்குள்ளேயே அடங்கும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். அக்டோபர் 20-க்கு எட்டு வாரம் முன்னால் என்பது ஆகஸ்ட் 25. அதற்கு முன் மகப்பேறு விடுப்பைத் தொடங்க முடியாது. நீங்கள் திட்டமிட்டபடி செப்டம்பர் 29 அன்று தொடங்கினால் 182-வது நாள் 2027 மார்ச் 29. மார்ச் 30 அன்று வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை அக்டோபர் 13-இல் பிறந்தாலும், 20-இல் பிறந்தாலும், ஒரு வாரம் தாமதித்து 27-இல் பிறந்தாலும் அந்த மார்ச் 29 நகராது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் என்ற பங்குதான் மாறும்.

செப்டம்பர் 29 அன்று உங்களுக்கு 37 வாரம் நிறைகிறது என்பதையும் கவனியுங்கள். நஞ்சு மேலே நகராமல் கருப்பை வாயை மூடியபடியே இருந்தால், ரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் 36, 37-வது வாரத்திலேயே சிசேரியனுக்கு நாள் குறிப்பது வழக்கம். அதாவது நீங்கள் விடுப்பு தொடங்க நினைக்கும் நாளே அறுவைச் சிகிச்சை நாளாக ஆகலாம். அப்போது 26 வாரமும் குழந்தையோடு கழியும். இருபதாவது வாரத்தில் கீழே இருக்கும் நஞ்சு, கருப்பை வளர வளரப் பெரும்பாலானோருக்கு மேலே போய்விடும் என்பதையும் உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். 32-வது வார ஸ்கேன் அதற்காகத்தான். ஆகவே இன்றைய விண்ணப்பத்தில் செப்டம்பர் 29 என்று எழுதுங்கள். அந்த ஸ்கேனுக்குப் பிறகு தேவைப்பட்டால் திருத்திக்கொள்ளலாம்.

சீக்கிரமே அட்மிட் ஆக நேர்ந்தால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பல பெண்கள் வாரக்கணக்கில் விடுப்பை இழப்பது இங்கேதான்.

34-வது வாரத்தில், செப்டம்பர் 8 அன்று ரத்தப்போக்கு வந்து அட்மிட் ஆகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 25 தாண்டிவிட்டதால் அன்றே மகப்பேறு விடுப்பைத் தொடங்கச் சட்டம் அனுமதிக்கிறது. எச்.ஆர். தரப்பிலும் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள், சில சமயம் உங்களைக் கேட்காமலேயே. அப்படிச் செய்தால் 182 நாள் 2027 மார்ச் 8-இல் முடிந்துவிடும். கைக்குழந்தையோடு இருக்க வேண்டிய மூன்று வாரம், மருத்துவமனைப் படுக்கையில் கரைந்துபோகும்.

வேறு வழி இருக்கிறது. சட்டத் தொகுப்பின் 65-வது பிரிவு, கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம் போன்றவற்றால் ஏற்படும் நோய்க்கு, மகப்பேறு விடுப்புக்கு மேலாக அதிகபட்சம் ஒரு மாதம் ஊதியத்தோடு விடுப்பு தருகிறது. நீங்கள் கேள்விப்பட்ட 'கூடுதல் ஒரு மாதம்' இதுதான். இது பிரசவத்துக்குப் பின் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவில் 'கர்ப்பத்தால் ஏற்படும் நோய்' என்றும் இருக்கிறது. ஒரே தவணையாகத்தான் எடுக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஆனால் மொத்தமே ஒரு மாதம்தான். முன்னால் செலவழித்தது பின்னால் இருக்காது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. அட்மிட் ஆனால் முதலில் நிறுவனத்தின் சிக் லீவைப் பயன்படுத்துங்கள். பத்து நாள் சிக் லீவ் இருந்தால், சனி ஞாயிறுகளை இடையில் விட்டு, செப்டம்பர் 21 வரை வரும். 22 முதல் 28 வரையுள்ள ஏழு நாளை மட்டும் 65-வது பிரிவில் கேளுங்கள். 29 முதல் மகப்பேறு விடுப்பு, திட்டப்படியே. இப்படிச் செய்தால் மார்ச் 29 அப்படியே நிற்கும், ஒரு மாதத்தில் மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பும் இருக்கும். ஆகஸ்ட் 25-க்கு முன்பே அட்மிட் ஆக நேர்ந்தால் மகப்பேறு விடுப்பு என்ற பேச்சே எழாது. அந்த நாட்களுக்கு சிக் லீவும் 65-வது பிரிவும்தான்.

இடையில் குழந்தை பிறந்துவிட்டால் இந்த ஏற்பாடு அன்றோடு முடிகிறது. செப்டம்பர் 15 அன்று, 35 வாரத்தில் பிறந்தால், அன்றிலிருந்து மகப்பேறு விடுப்பு. 182 நாள் மார்ச் 15-இல் முடியும். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலை செய்ய வைப்பதே குற்றம் என்பதால், அந்த நாட்களை சிக் லீவில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

நீட்டிப்பை இப்போதே கேட்கலாமா?

கேட்க முடியாது. வராத நோய்க்குச் சான்று இருக்காது, சான்று இல்லாமல் 65-வது பிரிவு இல்லை. இப்போது செய்யக்கூடியது, அப்படி ஒரு தேவை வரலாம் என்று விண்ணப்பத்தில் பதிவு செய்வது. பிறகு கேட்கும்போது "இது திடீரென்று சொல்லப்படுகிறது" என்று அவர்கள் சொல்ல இடமிருக்காது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் ஒரு மாதம் தானாக நீளும் என்று என்னிடம் வரும் பலர் நம்புகிறார்கள். பிரிவு பேசுவது பெண்ணுக்கு ஏற்படும் நோயைப் பற்றி. குழந்தையின் உடல்நிலை மட்டும் காரணம் என்றால் இந்த விடுப்பு வராது. அதற்கு ஈட்டிய விடுப்பையோ, சம்பளமில்லா விடுப்பையோதான் நாட வேண்டும். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி இரு தரப்பும் பேசி முடிவுசெய்யலாம் என்று சட்டத் தொகுப்பின் 60-வது பிரிவு சொல்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் நீங்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த வேறுபாடு நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இன்குபேட்டரில் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாயும் அலுவலகம் போகும் நிலையில் இருக்க மாட்டாள். ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் திட்டமிட வேண்டும்.

நீட்டிப்புக்கான சான்று, விடுப்பு கேட்கும் நாட்களில் உங்களுக்கு நோய் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அறுவைக் காயத்தில் சீழ் பிடித்து நவம்பரிலேயே ஆறிவிட்டது என்றால், அதைக் காட்டி மார்ச் மாதம் நீட்டிப்பு கேட்பது கடினம். அதிக ரத்தப்போக்கால் வந்த ரத்தசோகை, அடங்காத ரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவை மார்ச் வரை நீடிக்கக்கூடியவை. மனச்சோர்வும் நோய்தான், மனநல மருத்துவரின் சான்றும் சான்றுதான். கூச்சப்பட்டு அதை மறைத்து 'உடல் பலவீனம்' என்று எழுதி வாங்காதீர்கள்.

'உடல் பலவீனம், ஓய்வு தேவை' என்ற சான்றோடு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய நிறுவனம் விடுப்பை மறுத்திருந்தது. அவருக்கு உண்மையில் ரத்த அணுக்கள் மிகக் குறைவு, இரண்டு முறை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். சான்றில் அதில் ஒரு சொல்கூட இல்லை. நோய் என்ன, அது கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ வந்தது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்த புதிய சான்றைக் கொடுத்ததும் விடுப்பு கிடைத்தது. அந்த மூன்றும் உங்கள் சான்றில் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள்.

உங்களுக்கு மார்ச் 29 அன்று விடுப்பு முடிவதாக இருந்தால், அதற்கு இரண்டு வாரம் முன்பாவது மருத்துவரைப் பார்த்துச் சான்று வாங்கி, விடுப்பு முடியும் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒரு மாதமும் மிச்சமிருந்தால் ஏப்ரல் 29 வரை கேட்கலாம். முடிந்த பிறகு அனுப்பினால் இடைப்பட்ட நாட்கள் 'தகவலின்றி வராத நாட்கள்' ஆகிவிடும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது

நிறுவனத்துக்கென்று படிவம் இருந்தால் அதை நிரப்பி, இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்:

"நான் கர்ப்பமாக உள்ளேன். இணைக்கப்பட்டுள்ள மருத்துவச் சான்றின்படி எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி 20.10.2026. 29.09.2026 முதல் 29.03.2027 வரை 26 வாரம் மகப்பேறு விடுப்பும் அதற்குரிய ஊதியப் பலனும் கோருகிறேன். இக்காலத்தில் வேறெந்த நிறுவனத்திலும் பணிபுரிய மாட்டேன். எனக்குரிய தொகையை நானோ, என்னால் நியமிக்கப்பட்ட (பெயர், உறவு) என்பவரோ பெற்றுக்கொள்ளலாம். பிரசவம் முன்கூட்டியே நிகழ்ந்தால் பிரசவ நாளிலிருந்து விடுப்பு தொடங்குவதாகக் கொள்ளவும். மருத்துவக் காரணத்தால் 29.09.2026-க்கு முன்பே பணிக்கு வர இயலாமல் போனால், அந்நாட்களை என் எழுத்துப்பூர்வக் கோரிக்கையின்படி மட்டும் சிக் லீவாகவோ நோய்க்கான கூடுதல் விடுப்பாகவோ கணக்கிடக் கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பம் அல்லது பிரசவம் தொடர்பான நோய் ஏற்பட்டால் உரிய சான்றுடன் கூடுதல் விடுப்புக்குத் தனியே விண்ணப்பிப்பேன்."

நியமனதாரர் பெயரும், வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற வரியும் சட்டம் கேட்பவை, விட்டுவிடாதீர்கள். சிக் லீவ் பற்றிய வரிதான் உங்கள் மூன்று வாரத்தைக் காப்பாற்றும். நீங்கள் அட்மிட் ஆகும் நாளில் உங்களால் மின்னஞ்சல் எழுத முடியாமல் போகலாம். எனவே உங்கள் கணவரோ அம்மாவோ அனுப்பக்கூடிய மாதிரிக் கடிதம் ஒன்றைத் தேதி மட்டும் நிரப்பும்படி இப்போதே எழுதி அவர்கள் கைப்பேசியில் வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையைக் கர்ப்பச் சான்று பெற்றதும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியை, பிரசவம் ஆனதற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை அனுப்பினாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தாலோ, விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினாலோ, பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றினாலோ அது சட்டத் தொகுப்பின் 68-வது பிரிவின்படி சட்டவிரோதம். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம், அதற்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது விண்ணப்பத்துக்கான சான்றை வாங்கிவிடுங்கள். 32-வது வார ஸ்கேன் முடிந்ததும், நஞ்சின் நிலை பற்றி மருத்துவர் சொன்னதை வைத்து செப்டம்பர் 29 சரிப்படுமா என்று அவரிடமே கேளுங்கள். அந்த ஸ்கேன் ஆகஸ்ட் கடைசி வாரத்தையொட்டி வரும். தேதியை மாற்ற வேண்டுமானால் அப்போதும் உங்களுக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கும்.